கூடுதல் சம்பளம் கேட்டு வரும் கடிதம்

ஆஃபர் லெட்டர் போன இரண்டாம் நாள் பதில் வருகிறது. "உங்கள் நிறுவனத்தில் சேர ஆர்வமாக இருக்கிறேன். என் அனுபவத்தையும் வெளியில் இருக்கும் நிலவரத்தையும் பார்க்கும்போது, ஆண்டுக்கு 11.50 லட்சம் எதிர்பார்க்கிறேன்." மரியாதையான மூன்று வரிகள்தான். ஆனால் நேர்காணல் நடத்தி, ஆளைப் பிடித்துப்போய், மேலிடத்தில் ஒப்புதல் வாங்கி 9.60 லட்சத்துக்குக் கடிதம் அனுப்பிய எச்.ஆர். அதிகாரிக்கு இது தலைவலி.

பெரும்பாலும் இரண்டு விதமாகப் பதில் போகும். "கம்பெனி கொள்கைப்படி இதுதான்" என்று ஒரே வரியில் முடிப்பது ஒன்று. கேட்டதற்கும் கொடுத்ததற்கும் நடுவில் ஒரு தொகையைப் பார்த்து, "சரி, பத்தரை" என்று எழுதுவது இன்னொன்று. இரண்டுமே, அந்தப் பதினொன்றரை எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொள்ளாமல் எழுதிய பதில்கள். முதலாவதில் ஆள் போய்விடக்கூடும். இரண்டாவதில் பணம் போகும், ஆள் அப்படியும் அதிருப்தியோடுதான் வருவார்.

ஒரு கற்பனை உதாரணத்தை வைத்து இதை முழுதாகப் பார்க்கலாம். கோவையில் பம்ப் தயாரிக்கும் ஒரு நடுத்தர நிறுவனம். டிசைன் இன்ஜினியர் வேலைக்கு ஆறு ஆண்டு அனுபவமுள்ள ஒரு பெண்ணைத் தேர்ந்தெடுத்திருக்கிறது. அவர் இப்போது ஓசூரில் 8.10 லட்சத்துக்கு வேலை பார்க்கிறார். நிறுவனம் கொடுத்தது 9.60 லட்சம். ஒன்றரை லட்சம் கூடுதல், ஏறக்குறைய 18 சதவீத உயர்வு. பிறகு ஏன் முகம் கோணுகிறார் என்பது எச்.ஆருக்குப் புரியவில்லை.

எழுத்தில் வந்த கோரிக்கைக்கு எழுத்தில்தான் பதில் போக வேண்டும். அதற்கு முன்னால் ஒரு தொலைபேசிப் பேச்சு அவசியம். பேரம் பேச அல்ல, கேட்டுக்கொள்ள மட்டும். "மேடம், உங்க மெயில் வந்தது. தொகையைப் பத்தி இப்ப எதுவும் சொல்லலை. நீங்க எதை வச்சு இந்தக் கணக்குக்கு வந்தீங்கன்னு மட்டும் சொல்லுங்க, அதைத்தான் நான் மேல சொல்ல முடியும்" என்று கேட்டால் பெரும்பாலோர் சொல்லிவிடுவார்கள். நம் இன்ஜினியரும் சொல்கிறார்: "சார், சி.டி.சி. கூடுதுதான். ஆனா கையில வர்றது இப்ப வாங்குறதைவிடக் குறையுது. மார்ச்ல எனக்கு வர வேண்டிய போனஸையும் விட்டுட்டு வரணும். என் கூடப் படிச்சவர் ஒருத்தர் சென்னையில பதினொன்றரைக்குச் சேர்ந்திருக்கார்."

இதில் மூன்று விஷயங்கள் இருக்கின்றன. மூன்றுக்கும் மருந்து வேறு வேறு. நண்பரின் சம்பளம் வெறும் ஒப்பீடு. சென்னையில் வேறொரு தொழிலில் இருப்பவரின் தொகைக்குக் கோவை பம்ப் நிறுவனம் பதில் சொல்ல வேண்டியதில்லை. மார்ச் போனஸ் ஒருமுறை இழப்பு. கையில் வருவது குறைகிறது என்பதோ சரிபார்க்கக்கூடிய கணக்கு. எச்.ஆர். அதிகாரி நம்ப மறுப்பதும் அதைத்தான்.

போட்டுப் பார்ப்போம். சி.டி.சி. என்பது ஒரு ஊழியருக்காக நிறுவனம் ஆண்டுக்குச் செலவிடும் மொத்தத் தொகை. 9.60 லட்சம் என்றால் மாதம் 80,000. இதில் அடிப்படைச் சம்பளம் பாதி, 40,000. நிறுவனத்தின் பங்காகப் பி.எஃப். 12 சதவீதம், 4,800 ரூபாய். அடுத்தது கிராஜுவிட்டி. ஓராண்டு வேலைக்குப் பதினைந்து நாள் சம்பளம் என்று சட்டம் சொல்வதை மாதக் கணக்கில் மாற்றினால் அடிப்படைச் சம்பளத்தில் 4.81 சதவீதம் வரும். இங்கே 1,924 ரூபாய். நிரந்தர ஊழியருக்கு அது பொதுவாக ஐந்து ஆண்டு முடித்தால்தான் கைக்கு வரும். ஆண்டு முடிவில் தரும் செயல்திறன் ஊக்கத்தொகை 72,000. மாதத்துக்கு 6,000 ஆகிறது. மருத்துவக் காப்பீட்டு பிரீமியம் மாதம் 1,000. இவ்வளவும் கழித்தால் சம்பளச் சீட்டில் 66,276 நிற்கிறது. அதிலிருந்து ஊழியரின் பங்காக இன்னொரு 4,800 பி.எஃப்.க்குப் போகும். தொழில் வரி ஆண்டுக்கு 2,500ஐத் தாண்டாது, மாதம் 208 என்று வைப்போம். கையில் வருவது சுமார் 61,300.

ஓசூர் சம்பளத்தையும் இதேபோல் பிரிப்போம். மாதம் 67,500. அங்கே ஊக்கத்தொகை சி.டி.சி.க்குள் இல்லை, மார்ச் போனஸ் தனி. பி.எஃப். முழு அடிப்படைச் சம்பளத்துக்குப் பிடிக்காமல், சட்டம் வைத்திருக்கும் 15,000 ரூபாய் உச்சவரம்புக்கு மட்டும் பிடிக்கிறார்கள். இரு பக்கமும் தலா 1,800. கிராஜுவிட்டி 1,623. எல்லாம் கழித்துக் கையில் சுமார் 62,000.

ஆக ஒன்றரை லட்சம் கூட்டிக் கொடுத்தும், மாதம் எழுநூறு ரூபாய் குறைகிறது. அவர் பேராசைப்படவில்லை. வீட்டு வாடகையும் கல்விக்கடன் தவணையும் சி.டி.சி.யிலிருந்து போவதில்லை.

இங்கே நிறுவனத்துக்குச் செலவே வைக்காத ஒரு வழி இருக்கிறது. பி.எஃப்.ஐ 15,000 வரம்புக்குக் கட்டுப்படுத்திக்கொள்ளும் தேர்வை, சேரும்போதே ஊழியருக்குக் கொடுக்கலாம். பல நிறுவனங்கள் கொடுக்கின்றன. அப்படிச் செய்தால் நிறுவனத்தின் பங்கில் 3,000, அவர் பங்கில் 3,000 என்று மாதம் 6,000 விடுபட்டுக் கைக்கு வரும். அதே 9.60 லட்சத்தில் 61,300 என்பது 67,300 ஆகும். 2025-26 நிதியாண்டிலிருந்து புதிய வரி முறையில், நிலைக்கழிவையும் சேர்த்து 12.75 லட்சம் வரை சம்பளத்துக்கு வருமான வரி கிடையாது என்பதால் அந்த 6,000 குறையாமலே வரும்.

இதைச் சம்பள உயர்வு என்று சொல்லி விற்கக் கூடாது. அது அவருடைய ஓய்வுக்காலச் சேமிப்பு. இடப் பையிலிருந்து வலப் பைக்குப் போகிறது, அவ்வளவுதான். கடிதத்தில் இரண்டு கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, "எதை வேண்டுமோ தேர்ந்தெடுங்கள்" என்று எழுதுவதே நேர்மை. ஆறு மாதம் கழித்து அவரே கண்டுபிடித்தால், முதல் கடிதத்திலேயே ஏமாற்றினார்கள் என்ற எண்ணம் போகாது.

அடுத்தது நிறுவனத்தின் பக்கம். எவ்வளவு கூட்டலாம் என்பதை வந்த மின்னஞ்சல் முடிவு செய்யக் கூடாது. ஏற்கெனவே உள்ளே இருப்பவர்களின் சம்பளம்தான் அதை முடிவு செய்ய வேண்டும். இந்த நிறுவனத்தில் அந்தப் பதவிக்கான சம்பள வரம்பு 8.50 முதல் 10.50 லட்சம் வரை என்று வைப்போம். அதே அறையில், அதே வேலையை ஏழு ஆண்டு அனுபவத்தோடு செய்கிறவர் 9.90 வாங்குகிறார். புதியவருக்குப் பதினொன்றரை கொடுத்தால் அந்தச் செய்தி தேநீர் இடைவேளைக்குள் அறை முழுக்கப் பரவிவிடும். சம்பளத்தை வெளியே சொல்லக் கூடாது என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி போட்டிருப்பார்கள். அந்த வரியை நம்பிச் சம்பளம் நிர்ணயித்த நிறுவனம் எதுவும் நிம்மதியாக இருந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. அப்புறம் பழைய மூவருக்கும் சேர்த்துக் கூட்ட வேண்டியிருக்கும், அல்லது அவர்களில் ஒருவர் ராஜினாமா கடிதத்தோடு வருவார். அப்போது 1.90 லட்சத்தில் முடிய வேண்டியது ஆறேழு லட்சத்தில் போய் நிற்கும்.

நிரந்தரச் சம்பளத்தில் கூட்டும் ஒவ்வொரு ரூபாயும் ஆண்டுதோறும் திரும்ப வரும் என்பதையும் மறக்கக் கூடாது. ஆண்டுக்கு 8 சதவீத உயர்வு என்று கொண்டால், இன்று கூட்டும் 60,000 மூன்று ஆண்டில் கிட்டத்தட்ட 1.95 லட்சம் செலவு. அதே 60,000ஐச் சேரும்போது ஒருமுறை போனஸாகக் கொடுத்தால் அதோடு முடிந்தது. அதனால்தான் ஒருமுறை இழப்புக்கு ஒருமுறைத் தொகை என்பது சரியான பொருத்தம். மார்ச் போனஸை அவர் இழக்கிறார். அது 60,000 என்று பழைய நிறுவனத்தின் கடிதத்தைக் காட்டுகிறார். ஜாயினிங் போனஸ் 60,000. இதில் பேரமே இல்லை. இதையே மாதச் சம்பளத்தில் ஏற்றினால் ஒரே ஒரு மார்ச் மாதத்துக்காக நிறுவனம் பல ஆண்டுகள் பணம் கட்டிக்கொண்டிருக்கும்.

ஆக நிறுவனத்தின் பதில் இப்படி அமைகிறது: ஆண்டுச் சம்பளம் 9.60லிருந்து 10.20 லட்சம். கூட்டியது முழுக்க மாதச் சம்பளத்தில். ஊக்கத்தொகையில் கை வைக்கவில்லை. பி.எஃப். தேர்வு அவருடையது. ஜாயினிங் போனஸ் 60,000 தனி. வரம்புக்குட்பட்ட பி.எஃப். என்றால் கையில் மாதம் சுமார் 72,100 வரும், முழு பி.எஃப். என்றால் 65,500. அவர் கேட்ட 11.50 லட்சத்தைப் பழைய அமைப்பிலேயே அப்படியே கொடுத்திருந்தால் கையில் வந்திருப்பது சுமார் 74,800தான்.

10.20 கூட உள்ளே இருப்பவரின் 9.90ஐத் தாண்டுகிறதே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. பம்புக்குள் நீரோட்டம் எப்படிப் போகும் என்பதைக் கணினியில் கணித்துப் பார்க்கத் தெரிந்தவர் இவர், அங்கே வேறு யாருக்கும் அது தெரியாது என்றால், அதைக் கோப்பில் எழுதிவைத்துவிட்டு இந்த வித்தியாசத்தைக் கொடுக்கலாம். அப்படி ஒரு காரணத்தை எழுத முடியவில்லை என்றால் கொடுக்கக் கூடாது. இல்லையேல் ஏழு ஆண்டுக்காரரின் சம்பளத்தையும் அடுத்த ஏப்ரலில் சரிசெய்யும் முடிவை இன்றே எடுக்க வேண்டும்.

இனி கடிதத்துக்கு வருவோம். எழுதும் முன் சட்டப் பக்கம் ஒன்றைப் பார்த்துவிடலாம், அது சுவாரசியமானதும்கூட. 1840இல் இங்கிலாந்தில் ஹைட் எதிர் ரெஞ்ச் என்று ஒரு வழக்கு. ரெஞ்ச் தன் பண்ணையை 1,000 பவுனுக்குத் தருவதாகச் சொன்னார். ஹைட் 950க்குக் கேட்டார். ரெஞ்ச் மறுத்துவிட்டார். உடனே ஹைட், "சரி, அந்த ஆயிரத்துக்கே எடுத்துக்கொள்கிறேன்" என்றார். ரெஞ்ச் தரவில்லை, வழக்கு நீதிமன்றம் போனது. 950 என்று கேட்ட கணமே ஆயிரம் பவுன் முன்மொழிவு நிராகரிக்கப்பட்டுவிட்டது, பிறகு தானாக அதை உயிர்ப்பிக்க முடியாது என்று தீர்ப்பானது. ஆனால் 1880இல் ஸ்டீவன்சன் எதிர் மக்லீன் வழக்கில், நிபந்தனையைத் தளர்த்த முடியுமா என்று வெறுமனே விசாரிப்பது நிராகரிப்பாகாது என்றது நீதிமன்றம். நம் 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 7ஆவது பிரிவும், ஏற்பு என்பது முழுமையாக, நிபந்தனையின்றி இருக்க வேண்டும் என்கிறது.

அப்படியானால் நம் இன்ஜினியரின் மின்னஞ்சல் எந்த வகை? "11.50 எதிர்பார்க்கிறேன்" என்பது எதிர்முன்மொழிவா, விசாரிப்பா? இரண்டு பக்கமும் வாதாடலாம். இதற்காக யாரும் நீதிமன்றம் போவதில்லை என்பது உண்மைதான். ஆனால் குழப்பம் வேறு விதமாக வரும். எச்.ஆர். அதிகாரி 10.20 என்று மின்னஞ்சலில் மட்டும் எழுதுகிறார். புதிய கடிதம் போகவில்லை. அவர் கையில் இருக்கும் பழைய 9.60 கடிதத்தில் கையெழுத்துப் போட்டு, "மின்னஞ்சலில் சொன்ன திருத்தங்களுடன்" என்று அனுப்புகிறார். சம்பளப் பிரிவுக்குப் போவது பழைய கடிதத்தின் இணைப்புத்தாள். முதல் மாதம் சம்பளம் 9.60 கணக்கில் விழுகிறது. இது அரிதல்ல. திருத்தம் சொல்லும்போது முழு ஆஃபர் லெட்டரையும், சம்பள விவரத் தாளையும் புதிதாக அச்சிட்டு, முந்தையது ரத்து என்று ஒரு வரி எழுதுவதே இதற்குத் தீர்வு. எந்த நேரத்திலும் ஒரே ஒரு கடிதம்தான் உயிரோடு இருக்க வேண்டும்.

அதோடு போகும் பதில் மின்னஞ்சல் சுருக்கமாக இருந்தால் போதும். நடைமுறையில் ஆங்கிலத்தில் எழுதுவார்கள். தமிழில் இப்படி இருக்கும்:

"உங்கள் 7ஆம் தேதி மின்னஞ்சலுக்கு நன்றி. ஆண்டுச் சம்பளத்தை 11.50 லட்சமாக உயர்த்த எங்களால் இயலாது. இந்தப் பதவிக்கான எங்கள் சம்பள வரம்பு அதை அனுமதிக்கவில்லை. நீங்கள் சொன்ன காரணங்களைப் பரிசீலித்து, ஆண்டுச் சம்பளத்தை 10.20 லட்சமாகத் திருத்தியிருக்கிறோம். நீங்கள் இழக்கும் ஆண்டு போனஸுக்கு ஈடாக 60,000 ரூபாய் முதல் மாதச் சம்பளத்தோடு வழங்கப்படும். இரண்டு வகைப் பி.எஃப். தேர்வுகளுக்கும் கையில் வரும் தொகை இணைப்பில் உள்ளது. இணைத்துள்ள கடிதம் 5ஆம் தேதிக் கடிதத்துக்குப் பதிலாக வருகிறது. 14ஆம் தேதி மாலை 6 மணிக்குள் கையெழுத்திட்டு அனுப்புங்கள். சம்பளம் குறித்து இதுவே எங்கள் இறுதி நிலை. வேலை, சேரும் தேதி பற்றி எது கேட்க வேண்டுமானாலும் அழையுங்கள்."

முடியாது என்பதை முதலிலேயே, காரணத்தோடு சொல்லியிருப்பதைக் கவனியுங்கள். மூன்று பத்தி புகழ்ந்துவிட்டுக் கடைசியில் மறுத்தால், படிப்பவர் புகழ்ச்சியையும் நம்பமாட்டார். "இறுதி நிலை" என்ற சொல்லை உண்மையிலேயே இறுதி என்றால் மட்டும் எழுத வேண்டும். எழுதிவிட்டு, அடுத்த மின்னஞ்சலுக்கு இன்னொரு முப்பதாயிரம் கூட்டினால், அந்த ஊழியர் ஒவ்வொரு ஏப்ரலிலும் இரண்டு முறை கேட்பார். தவறு அவருடையதல்ல, நாம் கற்றுக்கொடுத்தது. அதனால் கடிதம் எழுதும் முன்பே உச்சத்தொகைக்கு மேலிடத்தின் ஒப்புதலை வாங்கிவிட வேண்டும். அதில் ஒரு பகுதியைப் பேரத்துக்காக ஒளித்துவைக்கவும் வேண்டாம். இதற்கெல்லாம் இரண்டு வேலை நாள் போதும். ஒரு வாரம் எடுத்தால் அதற்குள் வேறொரு நிறுவனம் அழைத்திருக்கும்.

ஜாயினிங் போனஸுக்கு ஒரு நிபந்தனை இருக்கும்: பன்னிரண்டு மாதத்துக்குள் தானாக விலகினால் திருப்பித் தர வேண்டும். அதை மாத விகிதத்தில் வைப்பது நியாயம். எட்டு மாதம் வேலை செய்தவர் மீதி நான்கு மாதத்துக்கு 20,000 கொடுத்தால் போதும். முழுத் தொகையும் என்று எழுதினால் பதினோராம் மாதம் விலகுபவரோடு வம்புதான் மிஞ்சும். நிறுவனமே ஆட்குறைப்பு செய்து வெளியே அனுப்பினால் திருப்பித் தர வேண்டியதில்லை என்பதையும் எழுதிவைக்க வேண்டும். பலர் இந்த வரியை விட்டுவிடுகிறார்கள்.

பணம் கொடுக்க முடியாதபோது எச்.ஆர். கையில் எடுக்கும் இன்னொன்று, "ஆறு மாதத்தில் சம்பளத்தைப் பரிசீலிப்போம்" என்ற வாக்குறுதி. எந்த மாதம், யார் பரிசீலிப்பார், எந்த வேலை முடிந்திருந்தால் எவ்வளவு வரை கூடும் என்று எழுத முடிந்தால் எழுதலாம். முடியாவிட்டால் வேண்டாம். ஆறு மாதத்தில் அந்த எச்.ஆர். அதிகாரியே வேறு நிறுவனத்துக்குப் போயிருப்பார். வாக்குறுதியை நினைவில் வைத்திருப்பவர் ஊழியர் ஒருவர்தான்.

"எனக்கு வேறு இடத்தில் 11.20 கொடுக்கிறார்கள்" என்று சொல்பவரிடம் அந்தக் கடிதத்தைக் காட்டச் சொல்வது இங்கே சாதாரணம். நான் அதை ஆதரிக்க மாட்டேன். அது இன்னொரு நிறுவனத்தின் ரகசிய ஆவணம். இன்று நமக்குக் காட்டுபவர் நாளை நம் கடிதத்தை அங்கே காட்டுவார். அந்தத் தொகை உண்மை என்றே வைத்துக்கொண்டு, நம் வரம்புக்குள் முடியுமா என்று மட்டும் பார்த்தால் போதும். கலிபோர்னியாவில் 2018 முதல், வேலை தேடுபவரிடம் பழைய சம்பளத்தைக் கேட்பதற்கே சட்டத்தில் தடை இருக்கிறது. நம் ஊரில் மூன்று மாதச் சம்பளச் சீட்டு கேட்காத நிறுவனம் குறைவு.

கையெழுத்தான கடிதம் வந்துவிட்டதாலேயே ஆள் வந்துவிட்டார் என்று அர்த்தமில்லை. அறுபது, தொண்ணூறு நாள் நோட்டீஸ் காலம் இருக்கும் இடத்தில், கையிலிருக்கும் கடிதத்தை வைத்து அடுத்த இடத்தில் பேரம் நடக்கும். பழைய நிறுவனமும் கூட்டிக் கொடுத்துப் பிடித்துவைக்கப் பார்க்கும். இதற்கு அடையாளங்கள் உண்டு. ராஜினாமா கொடுத்ததற்கான பதிலை அனுப்பச் சொன்னால் "இன்னும் வரவில்லை" என்பார். சேரும் தேதியைத் தள்ளிக்கொண்டே போவார். அல்லது கையெழுத்திட்ட பிறகு சம்பளப் பேச்சை மறுபடி எடுப்பார். கடைசியாகச் சொன்னது நடந்தால் கூட்டாமல் இருப்பதும், அடுத்த ஆளோடு பேசத் தொடங்குவதும்தான் சரி. முதல் இரண்டுக்கும், ஏற்ற பத்து நாளுக்குள் ராஜினாமா ஏற்பின் நகல் வர வேண்டும் என்று ஆஃபர் லெட்டரிலேயே ஒரு வரி இருந்தால் விஷயம் சீக்கிரம் வெளிச்சத்துக்கு வந்துவிடும்.

கேட்டதற்காகவே ஆஃபரைத் திரும்பப் பெறும் நிறுவனங்களும் இருக்கின்றன. ஏற்புக்கு முன் முன்மொழிவைத் திரும்பப் பெறச் சட்டத்தில் இடமுண்டு. ஆனால் மரியாதையாகக் கேட்ட ஒருவரைத் தண்டிக்கும் நிறுவனம், உள்ளே வந்தபின் அவர் வாயைத் திறந்தால் என்ன செய்யும் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறது.

கடைசியாக, மேசையின் அந்தப் பக்கம் இருப்பவர்களுக்கு. கேட்கும்போது சி.டி.சி. தொகையைக் கேட்காதீர்கள், "கையில் இவ்வளவு வருகிறது, இன்ன தேதியில் வர வேண்டிய இவ்வளவை இழக்கிறேன்" என்று எழுதுங்கள். எச்.ஆர். அதிகாரி தொலைபேசியில் என்ன சொல்லியிருந்தாலும், திருத்திய கடிதமும் அதன் சம்பள விவரத் தாளும் கையெழுத்தோடு கைக்கு வரும்வரை பழைய வேலையில் ராஜினாமா கொடுக்காதீர்கள்.